குட்டி எழுத்தை வெட்டாதீங்க சாமி!

ஜப்பான் மருந்து டப்பா, மிட்டாய் பாக்கெட், சோப்புத் தூள் பை, எதுவா இருந்தாலும் சரி. லேபிளைப் போட்டோ புடிச்சு அனுப்பி "இதுல என்னங்க எழுதியிருக்கு?"ன்னு கேட்கிற ஆளுங்க பெருகிட்டாங்க. கேட்கட்டும், தப்பில்லை. எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஜப்பானிய மொழியை வச்சு நானும் பதில் சொல்லிட்டுதான் இருக்கேன். ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்றாங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோபம் வருது. பெரிய எழுத்து மட்டும் தெரியிற மாதிரி, அதுக்கு மேல இருக்கிற குட்டி எழுத்தை வெட்டி எறிஞ்சுட்டு அனுப்புறாங்க. கேட்டா, "அது சின்னப் பசங்களுக்குப் போடுற நடைவண்டி சார், நமக்கு எதுக்கு?" என்று பதில் வேற.

இந்தப் பதிவு அந்த நடைவண்டிக் கட்சிக்கு எதிராக எழுதப்படுகிறது. சண்டைக்கு வர்றவங்க தாராளமா வரலாம் :-)

விஷயம் தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். ஜப்பானிய மொழியில் சீனத்திலிருந்து வந்த பட எழுத்துகளுக்கு கான்ஜி என்று பேர் (நம்ம ஊர் கஞ்சி இல்லை). ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. ஆனால் எப்படி உச்சரிப்பது என்பது எழுத்தைப் பார்த்தால் தெரியாது. ஒரே எழுத்துக்கு இரண்டு, மூன்று, சிலதுக்குப் பத்து உச்சரிப்பு கூட இருக்கும். இன்னொரு பக்கம் ஹிரகானா. அது நம்ம தமிழ் எழுத்து மாதிரி ஒலியை மட்டும் காட்டுவது. அடிப்படை எழுத்துகள் 46, அவ்வளவுதான். கடினமான கான்ஜிக்கு மேலே, அதை எப்படிப் படிக்கணும்னு இந்த ஒலி எழுத்தில் பொடிசாக அச்சடிப்பதற்குத்தான் ஃபுரிகானா என்று பேர். அச்சுக்கூடக்காரர்கள் ரூபி என்பார்கள். இங்கிலாந்து அச்சுக்காரர்கள் 5.5 பாயின்ட் எழுத்துக்கு ரூபி என்று கல்லின் பேரை வைத்திருந்தார்கள். ஜப்பானில் இந்தக் குட்டி எழுத்துக்குப் பயன்பட்ட அச்சும் கிட்டத்தட்ட அதே அளவு. அதனால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

எதிர்க்கட்சியின் வாதம் இதுதான். "கான்ஜிக்குத்தான் அர்த்தம் இருக்கு. குட்டி எழுத்து வெறும் ஒலி. நமக்குத் தேவை அர்த்தம். ஒலி எதுக்கு?" கேட்க நல்லாத்தான் இருக்கு. அகராதியைத் திறந்து உட்கார்ந்தால்தான் இதிலுள்ள ஓட்டை தெரியும். அகராதியில் தேடுவது சொல்லை, எழுத்தை அல்ல. கான்ஜி என்பது சொல்லின் முகம். ஃபுரிகானா அதன் பேர். தெருமுனையில் நின்று முருகான்னு கூப்பிட்டா நாலு பேர் திரும்புவாங்க. அந்த நாலு முகத்தில் நமக்கு வேண்டியது எதுன்னு பார்த்துப் பிடிச்சுக்கலாம். பேரே தெரியாமல் முகத்தை மட்டும் வச்சுக்கிட்டு ஊர் பூரா தேடினா என்னைக்கு ஆள் கிடைக்கிறது?

ஒரு நிஜமான டப்பாவை வச்சே பேசுவோம்.

*

நண்பர் ஒருத்தரோட அப்பாவுக்கு எழுபது வயசு. ராத்திரி தூக்கத்தில் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிச்சுக்கும். ரத்த அழுத்தத்துக்குப் பல வருஷமா மாத்திரை சாப்பிடுறவர். அதில் சிறுநீரை அதிகம் வெளியேற்றுகிற மாத்திரையும் ஒண்ணு. ஜப்பானிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், "எங்க ஊர்ல கால் இழுப்புக்கு இதைத்தான் சாப்பிடுவாங்க"ன்னு ஒரு டப்பா கொடுத்துட்டுப் போயிட்டார். கம்போ என்று சொல்லுகிற ஜப்பானிய மூலிகை மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த மருந்து அது. டப்பாவில் பெரிசா ஐந்து கான்ஜி, மேலே பொடி எழுத்து.

நண்பர் அந்த ஐந்து எழுத்தையும் ஒவ்வொன்றாக, திரையில் விரலால் வரைந்து தேடியிருக்கிறார். முதல் எழுத்து சரியா வரலை. இரண்டாவது மருந்து. மூணாவது இனிப்பு. நாலாவது புல். அஞ்சாவது வெந்நீர். "ஏதோ மருந்து, இனிப்புப் புல் போட்ட வெந்நீர். சாதாரண மூலிகைதான் சார், ஒண்ணும் பண்ணாது, அப்பா சாப்பிடலாம்ல?" என்று என்கிட்ட கேட்டார்.

"மேல இருக்கிற பொடி எழுத்தையும் சேர்த்து இன்னொரு போட்டோ எடுத்து அனுப்புங்க"ன்னேன்.

"அது தேவையாங்க? அர்த்தம்தான் வந்துடுச்சே?"

வந்ததா? பார்ப்போம். முழுப் போட்டோவில் இருந்தது இது:

```
芍薬甘草湯
しゃくやく・かんぞう・とう
```

(நடுவில் புள்ளி நான் வைத்தது. டப்பாவில் இருக்காது.) உச்சரிப்பு ஷகுயகு, கன்ஸோ, தோ. ஐந்து கான்ஜி, ஆனால் சொற்கள் மூன்று. முதல் இரண்டு எழுத்து சேர்ந்து ஒரு சொல், அடுத்த இரண்டு சேர்ந்து ஒரு சொல், கடைசி எழுத்து தனி. எழுத்து எழுத்தாகப் பிய்த்தால் சொல் கிடைக்காது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இப்போ நடுச்சொல்லை எடுத்துக்குங்க. கணினியில் ஜப்பானிய விசைப்பலகையைப் போட்டு `kanzou` என்று அடித்து இடைவெளிப் பொத்தானைத் தட்டினால், அந்த ஒலிக்குப் பொருந்துகிற சொற்களின் பட்டியல் வரும். அதில் இருப்பவற்றில் மூன்று:

```
kanzou → かんぞう → 肝臓 / 甘草 / 萱草
```

முதலாவது கல்லீரல். இரண்டாவது அதிமதுரம். மூன்றாவது ஒரு பூச்செடி. மருந்து டப்பாதானேன்னு அவசரப்பட்டு முதல்ல வந்ததை எடுத்தால் "கல்லீரல் மருந்து" ஆகிவிடும். நம்புகிற மாதிரியும் இருக்கும், அதுதான் ஆபத்து. இங்கேதான் கான்ஜியின் முகம் உதவிக்கு வருகிறது. லேபிளில் இருக்கிற இரண்டு எழுத்தும் கோடு குறைவானவை. கல்லீரல் சொல்லின் இரண்டாவது எழுத்து கோடு நெருக்கி அடைத்த கறுப்புக் கட்டம் மாதிரி இருக்கும். பூச்செடியின் முதல் எழுத்துக்குத் தலையில் புல் குறி இருக்கும். லேபிளில் அது இல்லை. எஞ்சியது ஒன்றுதான்: அதிமதுரம்.

கவனியுங்க. குட்டி எழுத்து மட்டும் இருந்தால் மூன்றில் தடுமாற்றம். கான்ஜி மட்டும் இருந்தால் "இனிப்புப் புல்". இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே சொல். ஒலி பட்டியலைச் சுருக்குகிறது, முகம் ஆளைக் காட்டுகிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதுக்கு வியாக்கியானம்.

கடைசி எழுத்தையும் விட்டுவிட வேண்டாம். அதற்கு "யூ" என்று ஒரு உச்சரிப்பு உண்டு, அப்போது அது வெந்நீர். டப்பாவில் மேலே போட்டிருப்பதோ "தோ". மருந்துப் பேரின் கடைசியில் தோ என்று வந்தால் அது கஷாயம். நம்ம ஊரில் நிலவேம்புக் குடிநீர் என்கிறோமே, அதை யாராவது "நிலவேம்பு போட்ட குடிக்கிற தண்ணி"ன்னு மொழிபெயர்த்தால் சிரிக்க மாட்டோமா? வெந்நீர் என்று எழுதினதும் அதே சிரிப்புதான்.

முதல் சொல் ஷகுயகு, பியோனி என்கிற செடியின் வேர். ஆக மருந்தின் பேர் "பியோனி அதிமதுரக் கஷாயம்". இனிப்புப் புல் எங்கே, இது எங்கே!

"சரிங்க, அதிமதுரம்தானே? நம்ம நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறதுதானே? தொண்டை கட்டினா வாயில் போட்டு அடக்கிக்கிறதுதானே?" நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கஷாயத்தின் வழக்கமான முழு அளவில் ஒரு நாளைக்கு 6 கிராம் அதிமதுர வேர் சேர்கிறது. சளிக்குக் கொடுக்கிற ஒரு பிரபல கம்போ மருந்தில் 2 கிராம்தான். அதிமதுரத்தின் இனிப்புப் பொருள் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும். ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், சதை தளரும். சிறுநீர் மாத்திரையும் பொட்டாசியத்தை இறக்குகிற வகையாக இருந்தால் இரண்டும் கூட்டுச் சேர்ந்துவிடும். பொட்டாசியம் ரொம்பக் குறைந்தால் சதை இழுப்பே வரும். எதுக்கு மருந்து சாப்பிட்டாரோ அதுவே திரும்ப வரும். அதனால்தான் அந்த டப்பாவிலேயே வயதானவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம் என்று அச்சடித்திருக்கிறார்கள். "இனிப்புப் புல்" என்கிற மொழிபெயர்ப்பை டாக்டரிடம் காட்டியிருந்தால் அவருக்கு ஒண்ணும் புரிந்திருக்காது. அதிமதுரம் என்றதும் அவர் "வேண்டாம், எடுத்து வைங்க"ன்னு சொல்லிட்டார். சொல் கிடைத்தால்தான் இந்த உரையாடலே நடக்கும்.

*

சரி, குட்டி எழுத்தைப் பார்க்கணும்னு ஒத்துக்கிட்டீங்கன்னு வச்சுக்குவோம். அடுத்த வம்பு, அதைச் சரியாப் பார்ப்பது.

ஃபுரிகானா வழக்கமாகக் கீழே இருக்கிற எழுத்தில் பாதி அளவு. டப்பாவின் பின்பக்கத்தில் 8 பாயின்ட் எழுத்து என்றால் மேலே இருப்பது 4 பாயின்ட், சுமார் 1.4 மில்லிமீட்டர். அந்த இத்துனூண்டு இடத்தில் ஹிரகானாவின் வலது தோளில் இரண்டு பொடிக் கோடு வரும். அந்தக் கோடு இருந்தால் ஒலி மாறும். "ஸோ" என்பது கோடு போட்டால் அதிர்கிற ஒலியாகி, ஆங்கிலத்தில் `zo` என்று அடிக்கிற எழுத்தாகிவிடும். நம்ம ஆட்கள் இங்கே தனியாகக் கவனிக்கணும். தமிழில் பகல் என்பதிலும் பக்கம் என்பதிலும் ஒரே க தான், ஒலியை இடம் பார்த்து நாமே மாற்றிப் படிச்சுப் பழகிட்டோம். ஜப்பானியனுக்கு அது இரண்டு வேற எழுத்து, அகராதியில் வேற சொல். அந்த இரண்டு கோட்டைத் தூசின்னு நினைச்சுத் தாண்டிப் போறது தமிழனின் பிறவிக் குணம் :-)

மங்கலான போட்டோவில் அந்தக் கோடு காணாமல் போனால் நம்ம மருந்து என்ன ஆகும் தெரியுமா?

```
kansou → かんそう → 乾燥 / 感想
```

முதலாவது உலர்தல். இரண்டாவது ஒரு விஷயத்தைப் பற்றின மனப்பதிவு. இரண்டின் முகமும் லேபிளில் உள்ள முகத்தோடு ஒட்டாது. அதுதான் சோதனை. பட்டியலில் எந்த முகமும் பொருந்தவில்லை என்றால் கான்ஜியைச் சந்தேகப்படாதீங்க, படித்த ஒலியைச் சந்தேகப்படுங்க. `k` இருக்கிற இடத்தில் `g`, `s` இருக்கிற இடத்தில் `z`, `t`-க்கு `d`, `h`-க்கு `b` அல்லது `p` போட்டுப் பாருங்க. ஒண்ணு ரெண்டு முயற்சியில் ஆள் மாட்டிக்குவான்.

அடுத்த வம்பு இன்னும் பெரிசு. பழகின ஆட்களையே கவிழ்த்துவிடுவது இது. "ஷ", "ஷோ", "க்யோ" மாதிரி ஒலிகளை எழுதும்போது ஜப்பானியத்தில் இரண்டாவது எழுத்தைச் சின்னதாக எழுதணும். "ஷி"யும் பக்கத்தில் சின்ன "ய"வும் சேர்ந்தால் "ஷ". ஆனால் ஃபுரிகானாவே பொடி எழுத்து. பொடிக்குள்ளே இன்னொரு பொடியைப் போட்டால் அச்சில் மை அப்பிடும் என்று அந்தக் காலத்திலிருந்தே எல்லாவற்றையும் ஒரே அளவில் அடித்துவிடுகிற வழக்கம் உண்டு. இன்றைக்கும் பல லேபிள்களில் அப்படித்தான். அதனால் ஷகுயகு என்பது "ஷியகுயகு" மாதிரி தெரியும். அப்படியே அடித்தால் சொல் கிடைக்காது.

இதைச் சமாளிக்க ஒரு வழி, குட்டி எழுத்து எந்தக் கான்ஜியின் தலையில் எத்தனை உட்கார்ந்திருக்கு என்று எண்ணுவது. பாடப்புத்தகங்களில் பிரபலமான ஒரு ஜோடி இருக்கு:

```
病院    びよう・いん
美容院  び・よう・いん
```

முதலாவது மருத்துவமனை, ப்யோயின். இரண்டாவது அழகு நிலையம், பியோயின். எல்லாக் குட்டி எழுத்தும் ஒரே அளவில் அச்சானால் இரண்டுக்கும் மேலே இருப்பது ஒரே ஐந்து எழுத்து. ஆனால் மருத்துவமனைக்கு இரண்டு கான்ஜி, அழகு நிலையத்துக்கு மூன்று. முதல் கான்ஜியின் தலையிலேயே மூன்று ஒலி எழுத்து உட்கார்ந்திருந்தால் நடுவில் இருப்பது சின்ன எழுத்துதான், சேர்த்துப் படிக்கணும். தனித்தனித் தலையில் இருந்தால் பிரித்துப் படிக்கணும். இப்போ யோசியுங்க: கான்ஜி மேல் ஃபுரிகானா எப்படி உட்கார்ந்திருக்கு என்பதே தகவல். அதைத்தான் நம்மாளு வெட்டி எறியிறார்!

இந்த விதியும் எப்போதும் செல்லாது. கோயிலைக் குறிக்கிற ஒரு கான்ஜியின் தலையில் "மிய" என்று இரண்டு எழுத்து இருக்கும். அதைச் சேர்த்து "ம்ய" என்று படித்தால் தப்பு, மிய என்றேதான் படிக்கணும். மியசாகி என்ற ஊர்ப் பேரில் வருவது அதுதான். அதனால் இரண்டு விதமாகவும் அடித்துப் பாருங்க. எந்தப் பட்டியலில் லேபிளின் முகம் வருதோ அதுவே சரி.

நெடில் விஷயத்தில் நாம கெட்டிக்காரங்க. ஆனாலும் ஒரு எச்சரிக்கை. "ஸோ" என்ற நெடிலை அவர்கள் ஒகரத்துக்குப் பின்னால் ஒரு உ போட்டு எழுதுவார்கள். குட்டி எழுத்தில் அந்த உ தெரிந்தால் `kanzou` என்று அதையும் சேர்த்து அடிக்கணும். காதுக்குக் கேட்கிற மாதிரி `kanzo` என்று அடித்தால் வேற ஏதோ வரும்.

*

அதே டப்பாவில் இன்னொரு சொல். எப்போது சாப்பிடணும் என்கிற வரியில், சாப்பாட்டுக்கு முன் அல்லது "ஷொக்கன்" நேரத்தில் என்று போட்டிருந்தது. கான்ஜி இரண்டு. முதலாவது சாப்பாடு, இரண்டாவது இடை. நண்பர் எழுத்தைக் கூட்டி "சாப்பாட்டுக்கு இடையில், அதாவது ரெண்டு வாய் சாப்பிட்டு நடுவுல மருந்து, அப்புறம் மிச்சச் சாப்பாடு"ன்னு முடிவு பண்ணிட்டார். இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஜப்பானியர்களிலேயே இதை அப்படிப் புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. அதனால்தான் பல டப்பாக்களில் பக்கத்திலேயே விளக்கமும் அடிக்கிறார்கள்.

தனித்தனியாக அந்த எழுத்துகளின் ஒலி "ஷொகு", "கன்". சேரும்போது கு மறைந்து ஷொக்கன் ஆகிறது. நம்ம புணர்ச்சி விதி மாதிரிதான். அப்படி ஒலி ஒட்டிக்கொண்டால் அது பெரும்பாலும் இரண்டு சொல் இல்லை, ஒரே சொல். ஃபுரிகானாதான் அந்த ஒட்டைக் காட்டும். அடித்துப் பார்த்தால்:

```
shokkan → しょっかん → 食感 / 触感 / 食間
```

முதலாவது வாயில் போட்டால் தெரிகிற மொறுமொறு, கொழகொழ. இரண்டாவது தொடு உணர்ச்சி. மூன்றாவதின் முகம்தான் லேபிளில் இருப்பது. அகராதியில் அதைத் திறந்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் அடுத்த வேளைக்கும் இடைப்பட்ட நேரம் என்று இருக்கும். மருந்து லேபிள் கணக்கில் சாப்பிட்டு 2 முதல் 3 மணி நேரம் கழித்து, வயிறு காலியாக இருக்கும்போது. நண்பர் எழுதி வைத்ததற்கு நேர் எதிர்!

*

நடைவண்டிக் கட்சியில் கொஞ்சம் படித்தவர்கள் ஒரு பெரிய பேரை இழுப்பார்கள். யமமோதோ யூஸோ. நல்ல எழுத்தாளர். 1938-ல் ஃபுரிகானாவே வேண்டாம் என்று எழுதினவர். அச்சுப் பக்கத்தில் பெரிய எழுத்துக்குப் பக்கத்தில் கறுப்புப் பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கு என்றவர். 1946-ல் அரசாங்கம் 1850 கான்ஜி கொண்ட பட்டியல் போட்டபோது, ஃபுரிகானாவைப் பொதுவாகப் பயன்படுத்துவதில்லை என்ற குறிப்பும் சேர்ந்தது. "பார்த்தீங்களா, ஜப்பான்காரனே வேண்டாம்னு சொல்லிட்டான்!"

அய்யா, அவர் கோபம் யார் மேல என்று பாருங்க. எழுதுகிறவன் மேல. யாருக்கும் தெரியாத கான்ஜியைப் போட்டுட்டு, மேலே குட்டி எழுத்தை முட்டுக் கொடுக்காதே, முட்டுத் தேவைப்படாத சொல்லாகவே எழுது என்றார். ஜனங்களுக்குப் புரியணும் என்கிற அக்கறை அது. நானும் கை தட்டுவேன். ஆனால் நம்ம கையில் இருப்பது அச்சடித்து முடிந்த டப்பா. கடினமான எழுத்து ஏற்கெனவே இருக்கு, முட்டும் இருக்கு. முட்டைப் பிடுங்கினால் எழுத்து எளிதாகிவிடுமா? கட்டியவனுக்குச் சொன்ன புத்திமதியை எடுத்துக் குடியிருக்கிறவன் தலையில் போடாதீங்க. பொதுப் பயன்பாட்டுப் பட்டியல் 2010-ல் 2136 எழுத்தாக வளர்ந்தது. நம்ம மருந்தின் முதல் எழுத்து அதிலும் இல்லை. வளர்ந்த ஜப்பானியருக்கே அது வரணும்னு கட்டாயமில்லை என்று அர்த்தம். அப்போ டப்பாவில் குட்டி எழுத்து இருப்பது சின்னப் பசங்களுக்காகவா?

என் கட்சியின் பலவீனத்தையும் சொல்லிடறேன், இல்லைன்னா நீங்களே சொல்லுவீங்க. பேர்களில் ஃபுரிகானா கைவிடும். மது பாட்டில், இனிப்புக் கடைப் பெட்டி மாதிரி இடங்களில் முதலாளி தன் இஷ்டத்துக்கு ஒரு கான்ஜிக் கூட்டம் போட்டு, தன் இஷ்டத்துக்கு ஒரு ஒலியும் வைத்திருப்பார். அகராதியில் இருக்காது. காமிக்ஸ் புத்தகங்களில் வேண்டுமென்றே ஒரு சொல்லின் கான்ஜிக்கு மேல் வேறு சொல்லின் ஒலியை ஏற்றி வைப்பார்கள். அங்கே ஒலி உச்சரிப்பதற்கு மட்டும்தான் உதவும், தேடுவதற்கு அல்ல. ஆனால் என்ன பொருள், எவ்வளவு, எப்போது, என்ன ஆபத்து என்று சொல்கிற வரிகளில் இந்த விளையாட்டு இருக்காது.

ஆகவே மகாஜனங்களே, அடுத்த முறை போட்டோ எடுக்கும்போது முழு டப்பாவை ஒன்றும், கேட்கிற வரியை நெருங்கி ஒன்றும் எடுங்க. வளைந்த பாட்டில் என்றால் திருப்பித் திருப்பி இரண்டு மூன்று. பளபள அட்டையில் விளக்கு வெளிச்சம் அடித்தால் முதலில் காணாமல் போவது அந்த இரண்டு பொடிக் கோடுதான், அதனால் ஜன்னல் பக்கம் போங்க. குறுக்கு வரியில் குட்டி எழுத்து அதற்குக் கீழே இருக்கிற கான்ஜிக்குச் சொந்தம். செங்குத்து வரியில் அதற்கு இடது பக்கம் இருக்கிற கான்ஜிக்குச் சொந்தம். வரிகள் நெருக்கமாக இருந்தால் பக்கத்து வீட்டுப் பேரை எடுத்து நம்ம வீட்டுக்கு மாட்டிடுவோம், ஜாக்கிரதை.

வெட்டணும்னு கை அரிச்சா ஓரத்தில் இருக்கிற விரலை வெட்டுங்க. எழுத்துக்கு மேலே கை வைக்காதீங்க.

பி.கு: ஃபுரிகானா சில லேபிள்களில் ஹிரகானாவுக்குப் பதில் கதகானா என்கிற கோணல்மாணலான ஒலி எழுத்தில் வரும். ஒலி அதேதான், தேடுகிற முறையும் அதேதான். "இது வேற மொழி"ன்னு நினைச்சு அதையும் வெட்டிடாதீங்க.